😭 வந்தால் பதற வேண்டாம்: சிரிப்பா, வியப்பா, பாசமா என்று பிரித்துப் படிக்கும் வழி

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் கல்லூரி படிக்கும் பிள்ளை ஒரு மீம் போடுகிறது. அடுத்த நிமிடம் அதன் வயதுக்காரர்கள் வரிசையாக 😭😭😭 போடுகிறார்கள். நடுவில் பெரியம்மா ஒருவர் "என்னாச்சு கண்ணு, யாருக்கு என்ன?" என்று கேட்கிறார். இந்தக் கட்டுரை அந்தப் பெரியம்மாவுக்காக. பிள்ளைகளோடும் இளைய சக ஊழியர்களோடும் சாட் செய்யத் தொடங்கி, கண்ணீர் வழியும் அந்த முகம் ஏன் சந்தோஷமான இடங்களிலெல்லாம் வருகிறது என்று விழிப்பவர்களுக்கும்தான்.

முதலில் எந்த முகம் என்று பாருங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான். சின்னத் திரையில் மூன்று முகங்கள் ஒன்றுபோலவே தெரியும். எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.

😢 என்பதில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர், கண்கள் திறந்திருக்கும், வாய் சின்னதாகக் கோணியிருக்கும். 😂 என்பதில் பல் தெரியச் சிரிப்பு, கண்ணின் இரண்டு ஓரங்களிலும் துளி தெறிக்கும். நாம் பேசப்போகும் 😭 முகத்தில் கண்கள் மூடி, இரண்டு கண்ணிலிருந்தும் கன்னம் முழுக்கத் தாரையாக ஓடும், வாய் பிளந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பிளந்த வாய் அழுகையா, வெடிச்சிரிப்பா என்று சொல்வது கஷ்டம். இந்தக் கட்டுரையின் விஷயமே அந்தக் கஷ்டத்தில்தான் இருக்கிறது. வயிறு குலுங்கச் சிரிப்பவரையும் வாய்விட்டு அழுபவரையும் சத்தமில்லாமல் ஒரு நொடி படம் பிடித்தால் இரண்டும் கிட்டத்தட்ட இதே முகம்தான்.

இன்னொரு விஷயம். நீங்கள் அனுப்புவது படம் இல்லை, ஓர் எண். ஒவ்வொரு எழுத்துக்கும் எமோஜிக்கும் உலகம் முழுக்க ஒரே எண் தரும் யூனிகோட் பட்டியலில் இந்த முகத்தின் எண் U+1F62D, பெயர் LOUDLY CRYING FACE. 2010-ல் வந்த யூனிகோட் 6.0-வில் சேர்ந்தது. அந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொரு போனும் தன் பாணியில் ஒரு முகம் வரைகிறது. அதனால் ஐபோனில் ஒரு மாதிரியும், உங்கள் ஆண்ட்ராய்டில் வேறு மாதிரியும் தெரியலாம். அனுப்பியவர் பார்த்த முகமே உங்களுக்கும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் சிரிப்புக்கு அழுகை முகம் வந்தது

நீளமாகச் சொல்லப்போவதில்லை, படிக்க உதவும் அளவுக்கு மட்டும். ஒரு காலத்தில் சிரிப்பு என்றால் 😂 தான். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக அந்த முகத்தையே தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு அது தேய்ந்துபோனது. லேசாக உதடு விரிந்தாலே 😂 என்று ஆனபிறகு, நிஜமாகவே சிரித்துப் புரண்டவர் எதைப் போடுவார்? ஒரு படி மேலே போகவேண்டியதாயிற்று. சிலர் 💀 போட்டார்கள், சிரித்தே செத்தேன் என்று. நிறையப் பேர் 😭 பக்கம் வந்தார்கள். 2021 வாக்கில் 😂 போடுவது பெரியவர்கள் பழக்கம் என்று இளைஞர்கள் கிண்டல் செய்யவே தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில், ட்விட்டரில் அதிகம் பயன்படும் எமோஜி இனி 😭 தான் என்று எமோஜிபீடியா தளம் எழுதியது. ஆனால் யூனிகோட் அமைப்பு அந்த ஆண்டு வெளியிட்ட உலகப் பட்டியலில் 😂 தான் முதலிடம், 😭 ஐந்தாவது. ஆக, எல்லாரும் மாறிவிடவில்லை. உங்கள் குரூப்பிலேயே இரண்டு கட்சியும் இருக்கும்.

வியப்புக்கும் பாசத்துக்கும் வந்த வழி கொஞ்சம் வேறு. ரசிகர் கூட்டங்களில் இது நன்றாக வளர்ந்தது. கொரியாக்காரர்கள் அழும் கண் மாதிரி இருக்கும் ㅠㅠ என்ற எழுத்தை வருத்தத்துக்கு மட்டுமல்ல, நன்றி சொல்லும்போதும், ஏதாவது செல்லமாகத் தெரிந்தால் உருகும்போதும் போடுவார்கள். கே-பாப் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம்.

ஒரு குரூப்பை வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்

விதிகளைச் சொல்வதைவிட ஒரு சாட்டைப் பிரித்துக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும். வீட்டில் ஒரு கல்யாணம் முடிந்த அன்று இரவு. ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைகள் குரூப். முதலில் ஒரு படம்: முகூர்த்த நேரம், மணமக்கள் முன்னால், பின்வரிசையில் சித்தப்பா ஒரு முழு ஜாங்கிரியை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறார்.

"பின்னாடி சித்தப்பாவ பாருங்க 😭😭😭"

இது சிரிப்பு. எப்படித் தெரிகிறது? எமோஜியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். "பின்னாடி சித்தப்பாவ பாருங்க." இதில் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை, வேடிக்கை பார்க்கக் கூப்பிடுகிறார்கள். எமோஜி இல்லாமலே சிரிப்பாக இருக்கும் வாக்கியத்தில் 😭 வந்தால் அது சிரிப்பின் அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். மூன்று முகம் அடுக்கியிருப்பதும் ஒரு தடயம். அடுக்கினால் பெரும்பாலும் சிரிப்பு.

"போட்டோகிராபர் இத ஆல்பத்துல வேற வச்சிருக்கான் 😭💀"

பக்கத்தில் மண்டையோடு. இதைப் பார்த்துப் பயப்படுவதுதான் புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. இந்த இரண்டும் ஜோடியாக வந்தால் சந்தேகமே வேண்டாம், சிரிப்பு உச்சத்தில் இருக்கிறது.

அடுத்து மணப்பெண்ணின் தனிப்படம். அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ.

"அக்கா, ஒரு மனுஷி இவ்ளோ அழகா இருக்கக் கூடாது 😭"

இது வியப்பு. இங்கே கவனிக்க வேண்டியது வாக்கியத்தின் சாயல்: திட்டுகிற மாதிரி இருக்கிறது. "இருக்கக் கூடாது", "இதெல்லாம் நியாயமே இல்ல", "எப்படிக்கா இதெல்லாம்", "எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க". பாராட்டைப் புகார் மாதிரி சொல்லி, கடைசியில் 😭 வைப்பது இந்தத் தலைமுறையின் பாணி. குழந்தை அழகாக இருந்தால் பாட்டி வாயால் புகழாமல் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் இது செய்கிறது. நேராக "அழகாக இருக்கிறீர்கள்" என்று எழுதினால் அவர்களுக்கே ஏதோ விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

பரீட்சையில் முதலிடம், மேடையில் பாட்டு, ஒரே மூச்சில் போட்ட பெரிய கோலம் எல்லாவற்றுக்கும் இதே வடிவம்தான். ஒரு திறமையைப் பார்த்து மலைத்து, கையைத் தூக்கிவிடுகிறார்கள். முகம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சிரிப்பில் வருகிற மாதிரி வரிசையாக ஓடாது.

அடுத்த வரி, பெங்களூரில் வேலை செய்யும் தம்பி. லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வர முடியாதவன்.

"பாட்டி எனக்குன்னு ஜாங்கிரி எடுத்து டப்பால போட்டு வச்சிருக்காங்களாம் 😭 யார்கிட்டயும் குடுக்க மாட்டேங்குறாங்களாம் 😭"

இது பாசம். மூன்றிலும் கஷ்டமானது இதுதான், ஏனென்றால் இதில் நிஜக் கண்ணீர் கொஞ்சம் இருக்கலாம். மறைத்துப் படிக்கும் சோதனையைச் செய்யுங்கள். ஒருவர் இன்னொருவருக்குச் செய்த சின்ன நல்ல காரியம் தெரிகிறது. யாரோ ஒருவரின் அன்பு தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது என்பதுதான் அந்த முகத்தின் பொருள். பக்கத்தில் ❤️, 🥹, 🫶 இவற்றில் ஒன்று வந்தால் இன்னும் உறுதி. நாய்க்குட்டி, குழந்தை வீடியோக்களுக்கு வெறும் 😭 மட்டும் வருவதும் இதே கணக்கு. "ஐயோ, என்ன செல்லம்!" என்கிறார்கள்.

கடைசியில் ஒரு வரி.

"காலைல ஆறு மணிக்கு பஸ், இன்னும் பெட்டி கட்டல 😭"

பெரியம்மா "ஏன்டா அழற?" என்று கேட்பது இந்த இடத்தில்தான். இது சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. சின்னச் சலிப்பு. அலுத்துக்கொள்கிறான். திங்கட்கிழமை, வெயில், பரீட்சை அட்டவணை, தீர்ந்துபோன டேட்டா எல்லாம் இந்த வகை. நீங்கள் பதில் போடாவிட்டாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

நிஜமான அழுகையை எப்படிக் கண்டுபிடிப்பது

எல்லாமே சும்மாதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நிஜ வருத்தத்துக்கும் இதே முகத்தைப் போடுபவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக நாற்பது தாண்டியவர்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அனுப்பியவர் யார் என்பது. அத்தை 😭 போட்டால் அழுகை, அத்தை மகள் போட்டால் சிரிப்பு என்று பல வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அவர் முன்பு அனுப்பியவற்றை மேலே தள்ளிப் பாருங்கள். அவர் இந்த முகத்தை எதற்கெல்லாம் போடுகிறார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, பக்கத்தில் என்ன இருக்கிறது. 💔 அல்லது 🙏 சேர்ந்து வந்தால் நிதானியுங்கள். ஒருவரின் பெயர், ஆஸ்பத்திரி, ரிசல்ட், வேலை போனது போன்ற சொற்கள் இருந்தால் எமோஜியை மறந்துவிட்டுச் செய்தியை மட்டும் படியுங்கள்.

அப்புறம் நான் பார்த்தவரை ஒன்று. 😭 மழையாகப் பொழியும் பிள்ளைகள், நிஜமாக உடைந்துபோகும்போது எமோஜியே போடுவதில்லை. "பாட்டிக்கு மூச்சு வாங்குது. கூட்டிட்டுப் போறோம்." என்று முற்றுப்புள்ளியோடு வரும். எப்போதும் மூன்று முகம் அடுக்கும் பிள்ளையிடமிருந்து மொட்டையாக ஒரு வரி வந்தால், போனை எடுத்துப் பேசுங்கள். அதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி.

சந்தேகம் தீராவிட்டால்? குரூப்பில் எல்லார் முன்னாலும் "ஏன் அழறே?" என்று கேட்காமல், தனியாக "சிரிப்பா, நிஜமாவா?" என்று ஒரு வரி போடுங்கள். சிரிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். நிஜமாக இருந்தால் தனியாகக் கேட்டதற்காகவே மனம் திறப்பார்கள்.

நீங்கள் போடும்போது

கீபோர்டில் சிரிக்கும் முகம் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் cry என்று தட்டினால் அழும் முகங்களெல்லாம் வரும். இரண்டு தாரை ஓடுகிறதா என்று பார்த்து எடுங்கள். ஒரு முறை எடுத்துவிட்டால் அடுத்த முறை சமீபத்தில் பயன்படுத்தியவை வரிசையில் தானாக நிற்கும். டிஸ்கார்ட், ஸ்லாக் போன்ற சாட் செயலிகளில் :sob: என்று தட்டினாலும் இதே முகம் வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் செய்தியை அழுத்திப் பிடித்தால் 👍 ❤️ 😂 😮 😢 🙏 என்ற வரிசை முதலில் வரும். இதில் இருக்கும் அழுமுகம் 😢. நாம் பேசும் 😭 இல்லை. அவசரத்தில் அதையே அழுத்திவிட்டால், அக்காவின் கல்யாணப் படத்துக்கு நீங்கள் வருத்தம் தெரிவித்ததாக ஆகிவிடும், ஏனென்றால் ஒற்றைச் சொட்டு முகத்தை யாரும் சிரிப்பாகவோ வியப்பாகவோ படிப்பதில்லை. வரிசையின் கடைசியில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி 😭 எடுங்கள். தப்பாக அழுத்திவிட்டால் அதே ரியாக்‌ஷனை மறுபடி தொட்டால் எடுத்துவிடலாம்.

முதல் சில நாட்கள் சிரிப்புக்கு மட்டும் போட்டுப் பழகுங்கள். ஒருவர் மீம் அனுப்பினால், வேறு எதுவும் எழுதாமல் 😭😭 மட்டும் அனுப்புங்கள். இது தவறாகப் போக வாய்ப்பே இல்லாத இடம். பாராட்டுக்குப் போடும்போது கூடவே ஒரு சொல் கட்டாயம் வேண்டும். "செம 😭", "என்னம்மா இப்படி வரைஞ்சிருக்க 😭" என்று இருந்தால் புரியும். மகள் வரைந்த படத்துக்கு வெறும் 😭 மட்டும் வந்தால், அம்மா வருத்தப்படுகிறாளா, கிண்டல் செய்கிறாளா, உருகுகிறாளா என்று அவள் யோசிப்பாள். நீங்கள் இத்தனை நாள் இதைப் போட்டதில்லை அல்லவா.

யாராவது உங்களுக்கு வியப்பு 😭 போட்டால் பதில் சுலபம். "போதும் போதும்" என்றோ ஒரு ❤️ என்றோ போட்டால் போதும். உங்கள் மீன் குழம்புப் படத்துக்கு "அத்தை நியாயமா இது 😭" என்று வந்தால், "ஞாயித்துக்கிழமை வா" என்பதுதான் சரியான பதில்.

போடக் கூடாத இடங்கள்

சாவுச் செய்தியில் போட வேண்டாம். நீங்கள் மனமார அழும் பொருளில்தான் போடுவீர்கள். ஆனால் அந்தக் குரூப்பில் காலையில்தான் அதே முகம் சித்தப்பாவின் ஜாங்கிரிக்கு வரிசையாக ஓடியிருக்கும். அதைவிட மோசம், 😂 முகத்தை அழுகை என்று நினைத்து இரங்கலுக்குப் போடுவது. இது பல குடும்பங்களில் நடந்திருக்கிறது, மறக்கவும் மாட்டார்கள். "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுத்தில் எழுதிவிடுங்கள். உடம்பு சரியில்லை என்ற செய்திக்கும் அப்படியே.

அலுவலகத்தில் உங்களோடு தேநீர் குடிப்பவரிடம் போடலாம். மேலதிகாரி "இன்று மாலைக்குள் அறிக்கை வேண்டும்" என்று அனுப்பினால் அதற்கு 😭 போடாதீர்கள். அவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாது.

முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் இடத்தில் இன்னொரு பொருளும் உண்டு. கிரிக்கெட்டில் தோற்ற அணியின் ரசிகர் நடுவரைக் குறை சொல்லி நீளமாக எழுதியிருப்பார். கீழே எதிரணிக்காரர்கள் 😭😭😭 போட்டிருப்பார்கள். அது அனுதாபம் இல்லை. "கதறு, கதறு" என்று கேலி செய்கிறார்கள். நீங்கள் உண்மையான ஆறுதலாக ஒரு 😭 போட்டாலும் அந்தக் கூட்டத்தில் கேலியாகத்தான் எண்ணப்படும். நட்சத்திர ரசிகர்கள் சண்டையிலும் இதே நிலைமை. அங்கே வாய் திறக்காமல் நகர்வது நல்லது, அல்லது ஆறுதலைச் சொல்லாகவே எழுதுங்கள்.

பார்வையற்ற நண்பர்கள் குரூப்பில் இருந்தால் இதையும் யோசியுங்கள். திரையை வாசித்துச் சொல்லும் செயலி இந்த முகத்தின் பெயரைத்தான் உரக்கச் சொல்லும். அதாவது சத்தமாக அழும் முகம் என்று. உங்கள் சிரிப்பு அவருக்கு அழுகையாகக் கேட்கும். "சிரிச்சு முடியல 😭" என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. படிக்கத் தெரியாமல் முழிக்கும் பெரியம்மாவுக்கும் அதே ஒரு சொல் போதும்.